கையெழுத்து பிப்ரவரியில், பில் மார்ச்சில், வருவாய் வருஷம் முழுக்க

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசி ஆலைகளுக்கான மென்பொருள் விற்கிறார்கள். லாரியில் நெல் வந்து எடை போட்டதிலிருந்து, எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை மூட்டை அரிசி வெளியே போனது, தவிடு எவ்வளவு, குருணை எவ்வளவு என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். ஆலைக்காரர் தன் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, பிரவுசரைத் திறந்து உள்ளே போனால் போதும். வருஷச் சந்தா 1,20,000 ரூபாய்.

தாமிரபரணிக் கரையில் பிசான நெல் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வரும். அதற்கு முன்னால் கணக்கை ஒழுங்கு பண்ணிவிட வேண்டும் என்று அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்து ஆலைக்காரர்கள் பத்துப் பேர் 2025 பிப்ரவரியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சேவை மார்ச் 1-ல் தொடங்குகிறது, அன்றைக்கே ஒரு வருஷத்துக்கும் சேர்த்து பில் போகிறது. மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. முதலாளியைக் கேட்டால் இந்த சீசனில் 12 லட்சத்துக்கு விற்றோம் என்பார். லாப நட்டக் கணக்கைத் திறந்தால் வருவாய் என்ற இடத்தில் 1 லட்சம்தான் இருக்கும்.

"என்னம்மா இது, பத்துப் பார்ட்டிக்கு பில்லு போட்டிருக்கோம்லா, ஒரு லட்சம்தான் காட்டுது?"

"மார்ச் ஒரு மாசத்துக்குத்தானே அண்ணாச்சி சர்வீஸ் கொடுத்திருக்கோம். மிச்சம் பதினோரு மாசம் நாம இன்னும் கொடுக்கணும்லா."

அந்தக் கணக்கர் பெண் சொல்வது சரி. முதலாளி சொன்ன 12 லட்சமும் பொய் இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒப்பந்தம் ஆனது எவ்வளவு, பில் போட்டது எவ்வளவு, சம்பாதித்தது எவ்வளவு என்று கேள்விகள் மூன்று. புக்கிங், பில்லிங், வருவாய் என்று மூன்று எண்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது அதற்காகத்தான். வருஷ ஒப்பந்தம் விற்கிற கம்பெனியில் இந்த மூன்றும் ஒரே மாதத்தில் ஒத்துப்போவது அபூர்வம். அவை விலகிப் போவதைப் படிக்கத் தெரிந்தால்தான் கம்பெனியின் உண்மை நிலவரம் தெரியும்.

புக்கிங் என்பது வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகை. கையெழுத்தான ஒப்பந்தமோ, பர்ச்சேஸ் ஆர்டரோ கையில் இருக்க வேண்டும். "அடுத்த வாரம் போட்டுடலாம்" என்று போனில் சொன்னது புக்கிங் ஆகாது. ஜிஎஸ்டி இதில் சேராது. நம் கணக்கில் பத்து ஆலைகள், தலைக்கு 1,20,000, ஆக பிப்ரவரி மாதப் புக்கிங் 12,00,000. இன்னொன்றையும் கவனியுங்கள், இந்தத் தொகை கணக்குப் புத்தகத்தில் எங்கேயுமே ஏறாது. கையெழுத்தான அன்றைக்கு கம்பெனி ஒன்றும் செய்து கொடுக்கவில்லை, ஆலைக்காரரும் ஒன்றும் கொடுக்கவில்லை, அதனால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. புக்கிங்கை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று எந்தக் கணக்கியல் தரநிலையும் சொல்லவில்லை, ஆடிட்டர் அதைச் சரிபார்ப்பதும் இல்லை. யாராவது புக்கிங் இவ்வளவு என்று சொன்னால், எதையெல்லாம் சேர்த்தீர்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பக்கூடாது.

பில்லிங் என்பது இன்வாய்ஸ் போட்ட தொகை. மார்ச் 1-ல் ஒரு ஆலைக்குப் போகிற இன்வாய்ஸில் சந்தா 1,20,000, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 21,600, மொத்தம் 1,41,600. இதில் பில்லிங் என்று எடுத்துக்கொள்ள வேண்டியது 1,20,000 மட்டும்தான். 21,600 அரசாங்கத்துப் பணம், நம் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். பத்து ஆலைக்கும் சேர்த்து பில்லிங் 12,00,000, ஜிஎஸ்டி 2,16,000.

பணம் கைக்கு வருவது இந்த மூன்றிலும் சேராத நாலாவது விஷயம். மார்ச் 31-க்குள் ஏழு ஆலைகள் முழுசாகப் பணம் கட்டிவிட்டார்கள் என்றால் பாங்கில் 9,91,200 இருக்கும். மூன்று பேர் பாக்கி, 4,24,800. வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு கொடுத்தால் கைக்கு வருவது இன்னும் குறையும், ஆனால் அதனால் பில்லிங் குறையாது. ஜிஎஸ்டியோ யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்க்காது. இன்வாய்ஸ் மார்ச்சில் போட்டாயிற்று, மாதாமாதம் தாக்கல் செய்கிறவராக இருந்தால் ஏப்ரல் 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ரிட்டர்னில் பத்துப் பில்லுக்குமான 2,16,000-ஐயும் காட்டி, நாம் வாங்கியதற்குக் கட்டிய உள்ளீட்டு வரி ஏதாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டியாக வேண்டும். வராத மூன்று பேர் பணத்துக்கும் வரி நம் கையிலிருந்து போகும். வருஷத்துக்கு மொத்தமாக பில் போடுவதில் இருக்கிற சிரமம் இதுதான், வசூலை இழுத்தடித்தால் முதலில் அடிபடுவது நம் கைப்பணம்.

இனி வருவாய். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு மாசப் பத்திரிகைக்கு வருஷச் சந்தா கட்டினால், அந்தப் பத்திரிகைக்காரர் நமக்குப் பன்னிரண்டு இதழ் கடன்பட்டிருக்கிறார். ஒவ்வொரு இதழும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த மாதத்துப் பங்கு அவர் சம்பாதித்தது. மென்பொருள் சந்தாவும் அதே மாதிரிதான். ஆலைக்காரர் ஒவ்வொரு நாளும் உள்ளே நுழைந்து பயன்படுத்துகிறார், நாம் சர்வரை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், சிக்கல் வந்தால் போனை எடுக்கிறோம். அந்தச் சேவை நடந்த அளவுக்குத்தான் வருவாய். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரும்பாலான கம்பெனிகளுக்கும், 250 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கும் இதைச் சொல்வது இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலை, அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் பாளையங்கோட்டைக் கம்பெனி மாதிரிச் சின்னவர்களுக்குப் பழைய தரநிலையான ஏஎஸ் 9. இந்த மாதிரி நேரான வருஷச் சந்தாவுக்கு இரண்டிலும் விடை ஒன்றுதான்: காலத்துக்கு ஏற்ப பிரித்து எழுது.

ஒரு ஆலைக்கு மாதம் 10,000. சேவை மாதத்தின் முதல் தேதியில் தொடங்கியதால் கணக்கு லேசாகப் போய்விட்டது. மார்ச் 15-ல் தொடங்கியிருந்தால் நாள் கணக்குதான் நியாயம்: 1,20,000-ஐ 365-ஆல் வகுத்து, மார்ச்சில் ஓடிய 17 நாளால் பெருக்கினால் 5,589 ரூபாய். எண்ண வேண்டியது சேவை தொடங்கிய நாளிலிருந்து. கையெழுத்தான நாளிலிருந்தோ, இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்தோ எண்ணக்கூடாது.

அப்படியானால் பில் போட்டு, ஆனால் இன்னும் சம்பாதிக்காத தொகை எங்கே போய் உட்காரும்? இருப்பு நிலைக் குறிப்பில், பொறுப்புகள் பக்கத்தில், டெஃபர்டு ரெவின்யூ என்ற தலைப்பில். முன்கூட்டியே பில் போட்ட வருவாய் என்று வைத்துக்கொள்ளலாம். இண்ட் ஏஎஸ் 115 இதை ஒப்பந்தப் பொறுப்பு என்கிறது. ஒரு ஆலைக்கான பதிவுகள் இப்படி இருக்கும்:

```
01-03-2025  இன்வாய்ஸ்
  ஆலைக் கணக்கு          பற்று   1,41,600
    டெஃபர்டு ரெவின்யூ    வரவு   1,20,000
    ஜிஎஸ்டி             வரவு     21,600

31-03-2025  மாதக் கடைசிப் பதிவு
  டெஃபர்டு ரெவின்யூ      பற்று     10,000
    சந்தா வருவாய்        வரவு     10,000
```

இரண்டாவது பதிவு பன்னிரண்டு மாதமும் போடப்படும், 2026 பிப்ரவரி கடைசியில் அந்த ஆலையின் டெஃபர்டு ரெவின்யூ பூஜ்யமாகிவிடும். பத்து ஆலைக்கும் சேர்த்து 2025 மார்ச் 31 அன்று நிலவரம் இது: பாங்கில் 9,91,200, வரவேண்டிய பாக்கி 4,24,800, இரண்டும் சேர்ந்து 14,16,000. எதிர்ப்பக்கம் ஜிஎஸ்டி 2,16,000, டெஃபர்டு ரெவின்யூ 11,00,000, சம்பாதித்த வருவாய் 1,00,000. அதுவும் 14,16,000. முதலாளி தேடிய பணம் எதுவும் காணாமல் போகவில்லை, பதினோரு லட்சம் பொறுப்பாக நிற்கிறது.

பொறுப்பு என்றதும் பாங்கு லோன் மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம். இதைப் பணமாகத் திருப்பித் தர வேண்டியதில்லை, சேவையாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அந்தச் சேவையைக் கொடுக்க ஆகிற செலவு பதினோரு லட்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இல்லையென்றால் அந்தத் தொழிலையே செய்யக்கூடாது. ஆனால் செலவு சும்மா விடாது. சர்வர் வாடகை, போன் எடுக்கிற பையன் சம்பளம், அவன் ஆலை ஆலையாகப் போய்வர ஆகிற செலவு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்று வைத்தால், பதினோரு மாதத்துக்கு 4,40,000 வேண்டும். பாங்கில் இருக்கிற 9,91,200-ல் ஜிஎஸ்டி போக 7,75,200. அதைப் பார்த்து ஏப்ரலில் ஒரு காருக்கு மொத்தமாகக் கட்டிவிட்டார் என்றால், பாக்கி வைத்த மூன்று பேர் கட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் ஆடி, ஆவணி எல்லாம் சம்பளம் போட வேண்டியிருக்கும். அடுத்த பில் வரப்போவது அடுத்த மார்ச்சில். பருவத்தை ஒட்டி விற்கிற கம்பெனிக்கு பில்லிங் ஒரே மாதத்தில் மலை மாதிரி வரும், செலவோ மாதா மாதம் ஒரே அளவாகப் போகும். வருவாய் அந்தச் செலவோடு சேர்ந்து நடக்கிற எண் என்பதால்தான் லாபம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு அதை மட்டுமே எடுக்கிறோம்.

அதற்காக வருவாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றும் நினைத்துவிடக்கூடாது. அடுத்த வருஷம் என்ன ஆகிறது பாருங்கள்.

2026 பிப்ரவரியில் பத்து ஆலைகளில் ஐந்துதான் புதுப்பிக்கிறார்கள். மீதி ஐந்து பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள், புதிதாக யாரும் சேரவில்லை. அந்த சீசனின் புக்கிங் 6 லட்சம், மார்ச் 1-ல் பில்லிங் 6 லட்சம். இரண்டும் நேர் பாதியாகிவிட்டன. இப்போது 2025-26 லாப நட்டக் கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து 2026 பிப்ரவரி வரை பழைய பத்து ஆலைகள், மாதம் ஒரு லட்சம் வீதம் 11,00,000. மார்ச் மாதம் ஐந்து ஆலைகள், 50,000. ஆக வருவாய் 11,50,000. போன நிதியாண்டில் 1,00,000. பாதி வாடிக்கையாளர்களை இழந்த வருஷத்தில் வருவாய் பதினோரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது!

இதில் ஒரு ரூபாய்கூடத் தப்பு இல்லை, எல்லாம் தரநிலைப்படி எழுதிய எண். லோன் கேட்டுப் போனால், வெறும் லாப நட்டக் கணக்கை மட்டும் பார்க்கிற மேனேஜர் நல்ல வளர்ச்சி என்று நினைப்பார். வருவாய் என்பது ஏற்கெனவே விற்றதன் விளைவு, விற்பனை நின்றாலும் அது ஒரு வருஷம் ஓடிக்கொண்டிருக்கும். 2026-27-ல்தான் அடி தெரியும். ஏப்ரலிலிருந்து பிப்ரவரி வரை வெறும் 5,50,000, அதன் மேல் அந்த மார்ச்சில் யார் புதுப்பித்தார்களோ அவர்களின் ஒரு மாதப் பங்கு. அதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்றால் ஒரு வருஷம் தாமதம். பிப்ரவரியிலேயே புக்கிங் பட்டியலைப் பார்த்தவருக்கு அன்றைக்கே தெரியும்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் புக்கிங் பட்டியல் கிடைக்காது, பல கம்பெனிகள் பில்லிங்கையும் தனியாகச் சொல்வதில்லை. ஆனால் வருவாயும் டெஃபர்டு ரெவின்யூவும் நிதி அறிக்கையில் இருக்கும், அதை வைத்து பில்லிங்கைக் கண்டுபிடித்துவிடலாம்:

```
பில்லிங் = வருவாய் + (ஆண்டுக் கடைசி டெஃபர்டு ரெவின்யூ − ஆண்டுத் தொடக்க டெஃபர்டு ரெவின்யூ)
```

நம் கம்பெனியில் தொடக்கத்தில் 11,00,000. 2026 மார்ச் 31-ல் ஐந்து ஆலைகளின் பதினோரு மாதம், அதாவது 5,50,000. வருவாய் 11,50,000-உடன் 5,50,000-ஐக் கூட்டி 11,00,000-ஐக் கழித்தால் 6,00,000. போட்ட பில்லும் அதே 6 லட்சம்தான், சரியாக வருகிறது. வருவாய் ஏறியிருக்க, டெஃபர்டு ரெவின்யூ மட்டும் பாதியாகியிருந்தால் நின்று விசாரிக்க வேண்டும். சேவை கொடுத்து முடித்து பில் போடாமல் விட்ட தொகை ஏதாவது இருந்தால், உதாரணமாக மூன்று மாதம் முடிந்த பிறகுதான் பில் வாங்குவேன் என்கிற வாடிக்கையாளர், அது பில் போடாத வருவாய் என்று சொத்துப் பக்கத்தில் நிற்கும். அதன் ஏற்றத்தை இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு சீக்கிரம் பில்லிங்கையும் நம்பிவிட வேண்டாம். அதே ஐந்து ஆலைகள் புதுப்பிக்கும்போது, "மொத்தமா கட்ட முடியாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்கிக்கிடுங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? புக்கிங் அதே 6 லட்சம். மாதா மாதம் எழுதுகிற வருவாயும் அதே 50,000. ஆனால் மார்ச்சில் போகிற பில் ஆலைக்கு 30,000 வீதம் 1,50,000 மட்டும். மார்ச் கடைசியில் டெஃபர்டு ரெவின்யூ 1,00,000. பில்லிங் 12 லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாகச் சரிந்ததில் 6 லட்சம் வாடிக்கையாளர் போனதால், நாலரை லட்சம் வெறும் கட்டும் தவணை மாறியதால். முதலாவது நிஜமான நஷ்டம். இரண்டாவதில் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, கைப்பணம் வருகிற வேகம்தான் குறைந்திருக்கிறது. இன்னும் பில் போடாத அந்த நாலரை லட்சம் இருப்பு நிலைக் குறிப்பில் எந்தப் பக்கமும் தெரியாது. இப்படி ஒப்பந்தப்படி இன்னும் கொடுக்க வேண்டிய சேவையின் மதிப்பைக் குறிப்புகளில் சொல்ல வேண்டும் என்று இண்ட் ஏஎஸ் 115 கேட்கிறது. ஆனால் ஒரு வருஷமோ அதற்குக் குறைவாகவோ உள்ள ஒப்பந்தங்களை விட்டுவிடலாம் என்று சலுகையும் தருகிறது, அதனால் வருஷ ஒப்பந்தம் மட்டுமே விற்கிற கம்பெனியின் அறிக்கையில் இந்த எண் கிடைக்காமலே போகலாம்.

எதிர்த் திசையிலும் இது ஏமாற்றும். வருஷக் கடைசியில் பணம் தேவைப்பட்டு, "மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினா தள்ளுபடி" என்று இரண்டு பேரைக் கட்ட வைத்தால் பில்லிங் அந்த மார்ச்சில் பொங்கி நிற்கும், அடுத்த இரண்டு மார்ச்சிலும் அவர்களிடமிருந்து ஒன்றும் வராது.

புக்கிங்கில் இதே மாதிரி ஒரு வழி உண்டு. மூன்று வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 1,20,000 என்றால் சிலர் 3,60,000 என்று மொத்த மதிப்பைப் போடுவார்கள், சிலர் ஒரு வருஷ மதிப்பான 1,20,000-ஐ மட்டும் போடுவார்கள். இரண்டும் வழக்கத்தில் இருக்கிறது. போன வருஷம் ஒரு வழியும் இந்த வருஷம் இன்னொரு வழியும் வைத்து ஒப்பிடும்போதுதான் தப்பாகிறது. புதுப்பித்தலையும் புது வாடிக்கையாளரையும் ஒரே எண்ணில் கலந்து சொல்வதும் அப்படித்தான், பத்து பேரில் ஐந்து பேர் போய் வேறு ஐந்து பேர் வந்திருந்தால் மொத்தம் மாறவே மாறாது, ஆனால் அந்தக் கம்பெனியின் மென்பொருளில் ஏதோ கோளாறு இருக்கிறது. அப்புறம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் படிக்க வேண்டும். முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மீதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் இருந்தால், அது 1,20,000-க்கான உறுதி இல்லை. அதை முழுப் புக்கிங்காகக் காட்டுவது என் பார்வையில் சரியில்லை.

விலகல் வந்தால் கணக்கில் என்ன நடக்கும் என்றும் பார்த்துவிடலாம். ஒரு ஆலை 2025 ஜூலை கடைசியோடு போகிறது, மீதிப் பணம் திருப்பித் தர வேண்டிய ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்து 50,000 நாம் சம்பாதித்தது, அதைத் தொடக்கூடாது. டெஃபர்டு ரெவின்யூவில் நிற்கிற 70,000-க்கும் அதன் ஜிஎஸ்டி 12,600-க்கும் பில் தொகையைக் குறைக்கிற கிரெடிட் நோட் போட வேண்டும், 82,600 திரும்பிப் போகும். வருவாயில் ஏற்கெனவே எழுதிய ஒன்றையும் திருத்த வேண்டியதில்லை. வருஷ பில்லை மொத்தமாக மார்ச்சிலேயே வருவாயாக எழுதியிருந்தால், இந்த 70,000-ஐ அடுத்த நிதியாண்டின் விற்பனையிலிருந்து கழித்து முழிக்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் பிரவுசரில் ஓடுகிற சந்தாவுக்கு. ஆலைக்காரரின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே நிறுவி, லைசென்ஸ் கீ கொடுத்து, ஒரு வருஷம் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று விற்கிற மென்பொருளுக்கு இண்ட் ஏஎஸ் 115-ன்படி கணக்கு வேறு. அங்கே லைசென்ஸின் பங்கை, வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்க முடிகிற அன்றைக்கே வருவாயாக எழுத வேண்டிவரும், அதோடு சேர்த்து விற்கிற ஆதரவுச் சேவையின் பங்கை மட்டும் வருஷம் முழுக்கப் பிரிப்பார்கள். ஒரே விலை, ஒரே பன்னிரண்டு மாதம், இருந்தும் மார்ச் மாத வருவாய் இரண்டு கம்பெனிக்கும் தலைகீழாக இருக்கும். ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் விடக்கூடாது. தொடக்கத்தில் வாங்குகிற அமைப்புக் கட்டணமும் இப்படி யோசிக்க வேண்டியதுதான். பழைய நோட்டுப் புத்தகத்துப் பாக்கிகளை மென்பொருளில் ஏற்றிக் கொடுப்பதற்கு 24,000 வாங்குகிறோம், சந்தா இல்லாமல் அந்த வேலைக்கு ஒரு பயனும் கிடையாது என்றால், அது தனிச் சேவை ஆகாது, அதையும் சந்தாவோடு சேர்த்து மாதம் 2,000 வீதம் பிரிக்க வேண்டும். ஆலை ஆட்களுக்குத் தனியாகக் கணக்குப் பயிற்சி கொடுத்தோம், அதை வேறு யாரிடமும் வாங்கியிருக்கலாம் என்றால், பயிற்சி முடிந்ததும் எழுதலாம்.

இன்னொரு மார்ச் மாதத்துச் சமாச்சாரம். ஏப்ரல் 1-ல் தொடங்கப்போகிற சேவைக்கு மார்ச் 20-ல் பில் போடுகிறார்கள், பணம் வரவில்லை, வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் தடையில்லாமல் விலகலாம். இதை மார்ச் 31-ல் ஒரு பக்கம் வரவேண்டிய பாக்கி என்றும் மறுபக்கம் டெஃபர்டு ரெவின்யூ என்றும் காட்டி இரண்டு பக்கத்தையும் ஊத வைப்பது சரியில்லை. கேட்டு வாங்கும் உரிமையும் உறுதியாகவில்லை, கொடுக்க வேண்டிய சேவையும் தொடங்கவில்லை. பணம் வந்துவிட்டால் கதை வேறு, அப்போது அது கட்டாயம் பொறுப்புதான்.

சின்னக் கம்பெனிகளில் நடக்கிற தப்பு இவ்வளவு நுணுக்கமானது இல்லை. டேலியில் விற்பனை வவுச்சர் போடும்போது அது நேராக விற்பனை லெட்ஜருக்குப் போய்விடுகிறது, மாதக் கடைசிப் பதிவு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பது சுலபம். மாத வாரியாக வருவாயை எடுத்துப் பாருங்கள். வருஷம் பூராவும் ஒரே பத்து வாடிக்கையாளர்கள் இருந்தும் மார்ச்சில் 12 லட்சமும் மற்ற மாதங்களில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், அங்கே வருவாய் என்ற பெயரில் பில்லிங்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஏப்ரலிலிருந்து மாதம் 40,000 நஷ்டம் காட்டுகிற கம்பெனி மார்ச்சில் மட்டும் பெரிய லாபம் காட்டுவதும் அதே நோய்தான். நடப்புப் பொறுப்புகளின் கீழ் டெஃபர்டு ரெவின்யூ என்று ஒரு லெட்ஜர் திறந்து, சந்தா பில் எல்லாம் அதில் போய் விழுமாறு செய்து, மாதம் ஒரு ஜர்னல் போட்டால் சரியாகிவிடும்.

சரியாக எழுத ஆரம்பித்ததும் ஒரு கேள்வி வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் 2024-25-க்கு 12,00,000 விற்பனை காட்டியிருப்பீர்கள், லாப நட்டக் கணக்கில் 1,00,000. அடுத்த வருஷம் ரிட்டர்னில் 6,00,000, லாப நட்டக் கணக்கில் 11,50,000. ஜிஎஸ்டி இன்வாய்ஸைப் பின்தொடர்கிறது, லாப நட்டக் கணக்கு சேவையைப் பின்தொடர்கிறது, ஆக இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் இயல்பு. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் இந்த வித்தியாசத்தை ஜிஎஸ்டிஆர்-9சி என்ற படிவத்தில் சமன்செய்து காட்ட வேண்டும். தாண்டாதவர்களுக்கும் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல ஒரு எக்செல் ஷீட் போதும். ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு வரி: கையெழுத்தான தேதி, சேவை தொடங்குகிற தேதி, முடிகிற தேதி, ஒப்பந்தத் தொகை, இதுவரை பில் போட்டது, இதுவரை வருவாயாக எழுதியது, பில் போட்டதிலிருந்து அதைக் கழித்த மீதி. ஒப்பந்தத் தொகை நிரலைக் கூட்டினால் புக்கிங், பில் நிரலைக் கூட்டினால் பில்லிங், அடுத்ததைக் கூட்டினால் வருவாய், எல்லாம் ஒரே ஷீட்டில் கிடைத்துவிடும். கடைசி நிரலின் மொத்தம் மாதா மாதம் டெஃபர்டு ரெவின்யூ லெட்ஜர் இருப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இரண்டு இடத்தில் தேடுங்கள்: கிரெடிட் நோட் போட்டும் ஷீட்டில் நீக்காமல் விட்ட ஒப்பந்தம், அல்லது சேவை தள்ளித் தொடங்கியும் பழைய தேதியிலிருந்தே மாதப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிற ஒப்பந்தம்.